அறுபது பேர் மட்டும் கூடும் கல்யாணத்துக்குப் பத்திரிகை எழுதுவது எப்படி?

கேள்வி: மகளுக்கு 2027 பிப்ரவரி 11 அன்று சுவாமிமலை கோயிலில் கல்யாணம். இரு வீட்டையும் சேர்த்து 60 பேர்தான். மதியச் சாப்பாடு கும்பகோணத்தில் எங்கள் வீட்டிலேயே. அச்சகத்தில் கொடுத்த மாதிரி அரசாங்க உத்தரவு போல இருக்கிறது. நானே எழுதினால் போனில் பேசுவது போல ஆகிவிடுகிறது. முறையாகவும் இருக்க வேண்டும், நெருக்கமாகவும் இருக்க வேண்டும். எப்படி எழுதுவது?

பதில்:

அச்சகத்து மாதிரி ஆயிரம் பேரை அழைப்பதற்காக உருவானது. யார் கையில் கிடைத்தாலும் பொருந்த வேண்டும் என்பதால் அதில் யாருடைய முகமும் இருக்காது. உங்கள் பத்திரிகை போகப்போவது இருபது இருபத்தைந்து வீடுகளுக்கு. அதனால் முழுவதையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. கூட்டத்தை அழைக்கும் சொற்கள் எவை என்று பார்த்து அவற்றை மட்டும் மாற்றினால் போதும். முறை தானாகவே நிற்கும், நெருக்கமும் வந்துவிடும்.

உங்களிடம் கொடுத்த மாதிரி ஏறக்குறைய இப்படித்தான் இருந்திருக்கும்:

"நிகழும் மங்களகரமான பராபவ வருடம் தை மாதம் 28-ம் தேதி வியாழக்கிழமை சுபயோக சுபதினத்தில் திருவளர்ச்செல்வன் அருண்குமார் என்பவருக்கும் திருநிறைச்செல்வி கயல்விழி என்பவருக்கும் பெரியோர்களால் நிச்சயிக்கப்பட்டு திருமணம் நடைபெற இருப்பதால், தாங்கள் தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து மணமக்களை ஆசீர்வதிக்க வேண்டுமாய் அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்."

பெயர்கள் மாதிரிக்குத்தான், உங்கள் வீட்டுப் பெயர்களைப் போட்டுப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் எடுக்க வேண்டியது "சுற்றமும் நட்பும் சூழ" என்ற தொடர். அழகான தொடர்தான், பெரிய மண்டபக் கல்யாணத்துக்கு அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. ஆனால் அதன் நேர்ப்பொருள், உங்களோடு உங்கள் உறவினரையும் நண்பரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்பது. அறுபது இலைக்குச் சமைக்கும் வீட்டில் அச்சடித்த பத்திரிகையே இப்படி அழைத்துவிட்டால், அத்தையின் சம்பந்தி வீட்டார் நான்கு பேர் கூடவே வந்து நிற்பதில் அவர்கள் தவறு எதுவும் இல்லை. "குடும்பத்துடன்", "குடும்ப சமேதராய்", "சுற்றம் சூழ" மூன்றும் இதே வேலையைச் செய்யும். நம்மிடம் குடும்பம் என்ற சொல்லுக்கு எல்லை கிடையாது. ஒரு வீட்டில் அது மூன்று பேர், பக்கத்து வீட்டில் பதினொன்று. இந்தச் சொற்கள் உங்கள் பத்திரிகையில் ஓரிடத்திலும் வரக் கூடாது. பத்திரிகையின் பின்பக்கத்தையும் பாருங்கள். சில அச்சகங்களில் அங்கே ஒரு வாழ்த்து வரியாக இது முன்பே கோத்து வைக்கப்பட்டிருக்கும்.

அடுத்தது "என்பவருக்கும்". முன்பின் தெரியாத ஒருவரைக் குறிக்கும்போதுதான் "என்பவர்" என்போம். புகார் மனுவிலும் பத்திரப் பதிவிலும் அது சரி. உங்கள் மகளைத் தூக்கி வளர்த்த பெரியம்மாவிடம் "கயல்விழி என்பவருக்கு" என்று சொல்ல முடியுமா? இந்தச் சொல் உள்ளே வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பெயரைத் தனி வரியில் பெரிய எழுத்தில் போட்டு, பக்கத்தில் பட்டத்தையும் அச்சடிக்கிறார்கள். அதற்குப் பிறகு "க்கும்" என்ற உருபை ஒட்ட இடம் இருக்காது, "B.E., க்கும்" என்று அந்தரத்தில் தொங்கும். அதை மறைக்கத்தான் "என்பவருக்கும்". பட்டத்தை விட்டுவிடுங்கள். அறுபது பேருக்கும் பிள்ளைகள் என்ன படித்தார்கள் என்பது தெரியும். பட்டம் போனால் "கயல்விழிக்கும்" என்று பெயரோடு உருபு இயல்பாகச் சேர்ந்துவிடும்.

மூன்றாவது "வேண்டுமாய் கேட்டுக்கொள்கிறோம்". இது விண்ணப்ப நடை; நீங்கள் சொன்ன அரசாங்க உத்தரவு வாடை பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது. "அழைக்கிறோம்" என்ற ஒரே சொல் இந்த இடத்தில் முழு மரியாதையோடு நிற்கும். "வருகை தந்து" என்பதை "வந்திருந்து" என்றும், "ஆசீர்வதிக்க" என்பதை "வாழ்த்த" என்றும் மாற்றினால் மரியாதை ஒரு துளியும் குறையாது.

நீங்கள் எழுதிப் பார்த்தது போன் பேச்சு போல ஆனதற்கும் காரணம் இதே இடத்தில் இருக்கிறது. இறுக்கத்தைத் தளர்த்த வேண்டும் என்று சொல்லின் வடிவத்தையே தளர்த்திவிடுகிறோம்: "வந்துடுங்க", "கண்டிப்பா வரணும்" என்று போய்விடுகிறது. அச்சில் அது பத்து வருடம் கழித்துப் படிக்கும்போது உறுத்தும். சொல் எளிமையாக இருக்கட்டும், வடிவம் எழுத்துத் தமிழாகவே இருக்கட்டும். "வந்துவிடுங்கள்" என்பது நெருக்கமான சொல், முழுமையான வடிவம். "தாங்கள், தங்கள்" வேண்டாம். "நீங்கள், உங்கள்" போதும். முதல் வரியில் "தாங்கள்" என்று தொடங்கிக் கடைசியில் "உங்கள் வரவை" என்று முடிப்பது அடிக்கடி நடக்கும் பிழை. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் கடைசிவரை அதுவே.

இப்போது முழுப் பத்திரிகை. இது பெண் வீட்டார் அழைப்பாக எழுதியது:

சுவாமிநாத சுவாமி துணை

திருமண அழைப்பிதழ்

அன்புள்ள ..............................................

வணக்கம்.

எங்கள் மகள் கயல்விழிக்கும், தஞ்சாவூர் திரு. நடராஜன் – திருமதி விஜயலட்சுமி அவர்களின் மகன் அருண்குமாருக்கும், பெரியோர்கள் நிச்சயித்தபடி பராபவ ஆண்டு தை மாதம் 28ஆம் நாள் (11.02.2027) வியாழக்கிழமை காலை 9.00 மணிக்கு மேல் 10.00 மணிக்குள், சுவாமிமலை அருள்மிகு சுவாமிநாத சுவாமி திருக்கோயிலில் திருமணம் நடைபெறுகிறது.

இரு வீட்டுக்கும் நெருங்கிய உறவுகளும் நண்பர்களும் மட்டும் கூடும் எளிய திருமணம் இது. தாலி கட்டும் வேளையில் நீங்கள் உடனிருந்து, அட்சதை தூவிப் பிள்ளைகளை வாழ்த்த வேண்டும் என்று விரும்புகிறோம். அங்கிருந்து கும்பகோணத்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து, எங்களோடு மதிய உணவு அருந்திச் செல்லவும் அன்போடு அழைக்கிறோம்.

உங்கள் அன்புள்ள
சண்முகம் – தேன்மொழி

காலை 7.30: எங்கள் வீட்டில் சிற்றுண்டி
காலை 8.30: கோயிலில் கூடுகிறோம்
பகல் 12.00: எங்கள் வீட்டில் விருந்து

இதில் முக்கியமான இடம் "அன்புள்ள" என்பதற்குப் பக்கத்தில் விட்டிருக்கும் வெற்றுக்கோடு. ஆயிரம் பத்திரிகை அடிப்பவர்களால் முடியாத, இருபத்தைந்து அடிப்பவர்களால் முடிகிற ஒரு காரியம் இது: ஒவ்வொரு பத்திரிகையிலும் உறவுமுறையைப் பேனாவால் எழுதுவது. "அன்புள்ள அக்கா, அத்தானுக்கு". "அன்புள்ள தம்பி முருகன், லதா, குழந்தைகளுக்கு". அச்சடித்த பகுதி முழுக்க முறைப்படி இருக்கிறது. அந்த ஒரு வரி அதைக் கடிதமாக்கிவிடுகிறது. அதோடு, எத்தனை பேரை அழைக்கிறீர்கள் என்பதும் யாருக்கும் வலிக்காமல் அதிலேயே தெரிந்துவிடுகிறது. "அக்கா, அத்தானுக்கு" என்று எழுதினால் இருவர். "அக்கா, அத்தான், பிரபா, சுகன்யாவுக்கு" என்றால் நால்வர். "இத்தனை பேர்தான் வரலாம்" என்று எங்கும் அச்சடிக்கத் தேவையில்லை. உறையின் மேலும் அதே பெயர்கள்தான் இருக்க வேண்டும். உள்ளே இருவர் பெயரை எழுதிவிட்டு, உறையில் பழக்கதோஷத்தில் "குடும்பத்தினர்" என்று எழுதினால் உறையைத்தான் நம்புவார்கள்.

கோட்டுக்குப் பிறகு "அவர்களுக்கு" என்று அச்சடித்துவிடாதீர்கள். அலுவலக நண்பருக்கு அது பொருந்தும்; "அத்தை அவர்களுக்கு" என்பது விலக்கிவைப்பது போல இருக்கும். வேண்டிய இடத்தில் கையால் சேர்த்துக்கொள்ளலாம். கோடு போதிய நீளம் இருக்கட்டும். நான்கு பெயரைக் கொள்ளும் அளவுக்கு, அதாவது பத்திரிகையின் அகலத்தில் முக்கால் பங்காவது விடச் சொல்லுங்கள். பளபளப்பான பூச்சுத் தாளில் சாதாரண பேனா மை காயாமல் இழுபடும். மாதிரித் தாள் ஒன்றை வாங்கி எழுதி, ஒரு நிமிடம் விட்டு விரலால் தேய்த்துப் பார்த்த பிறகு தாளை முடிவு செய்யுங்கள்.

உறவுமுறை யார் பக்கத்திலிருந்து எழுதப்படுகிறது என்பதில் கவனம் வேண்டும். "எங்கள் மகள்" என்று பெற்றோர் பேசும் பத்திரிகையில் அம்மாவின் அக்கா "அக்கா"தான். பிள்ளை எழுதி உதவும்போது கை தானாக "பெரியம்மாவுக்கு" என்று எழுதிவிடும். பெரியம்மா படித்தால் முதல் வரியில் மகள் பேசுகிறாள், மூன்றாம் வரியில் பெற்றோர் பேசுகிறார்கள் என்று குழம்பும். கயல்விழியின் தோழிகளுக்குப் போகும் நாலைந்து பத்திரிகையில் மட்டும் பெயரை எழுதி, கீழே அவளே ஒரு வரி எழுதிக் கையெழுத்திடட்டும்.

"மட்டும்" என்ற சொல்லைப் பற்றி. "உங்களை மட்டும் அழைக்கிறோம்", "நெருங்கியவர்கள் மட்டும் வரவும்" என்று எழுதினால் கதவைச் சாத்துவது போல இருக்கும். "நெருங்கிய உறவுகள் மட்டும் கூடும் எளிய திருமணம்" என்றால் அது கல்யாணத்தைப் பற்றிய செய்தி. பத்திரிகை கையில் இருப்பவர் அந்த நெருங்கிய வட்டத்துக்குள் இருக்கிறார் என்ற பொருளும் அதில் சேர்ந்து வருகிறது. 2020இல் ஊரடங்கில் 50 பேருக்கு மேல் கல்யாணத்துக்குக் கூடக் கூடாது என்று இருந்தபோது பலரும் "தவிர்க்க முடியாத சூழ்நிலையால்" என்று எழுதினார்கள். அன்றைக்கு அது உண்மை. இன்று சிறிய கல்யாணம் நீங்களே விரும்பி எடுத்த முடிவு என்றால் காரணமும் வருத்தமும் பத்திரிகையில் வேண்டாம். வருத்தம் தெரிவித்தால், படிப்பவர் அப்படி என்ன நடந்தது என்று தேட ஆரம்பிப்பார்.

தாலி கட்டும் நேரத்தையும் கூடும் நேரத்தையும் பிரித்து எழுதியிருப்பதைக் கவனியுங்கள். "9 மணிக்கு மேல் 10 மணிக்குள்" என்று மட்டும் போட்டால் பாதிப்பேர் ஒன்பதரைக்குத்தான் கிளம்புவார்கள். மண்டபக் கல்யாணத்தில் அது பழகிப்போன கணக்கு. கோயிலில் அடுத்தடுத்துக் கல்யாணங்கள் இருக்கும் முகூர்த்த நாளில் உங்களுக்காக நேரம் நீளாது. அறுபது பேரில் இருபது பேர் பிந்தினால் தாலி கட்டும்போது இடம் வெறிச்சோடித் தெரியும். ஆகவே "8.30: கோயிலில் கூடுகிறோம்" என்ற வரி அவசியம். சுவாமிமலைக்கு இன்னொன்றும் உண்டு. தமிழ் ஆண்டுகள் அறுபதையும் குறிக்கும் அறுபது படிகள் ஏறித்தான் மேலே சன்னிதிக்குப் போக வேண்டும். உங்கள் கல்யாணம் மேலேயா கீழேயா என்பதைக் கோயில் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு, மேலே என்றால் மூட்டு வலியுள்ள பெரியவர்களுக்கு நேரில் சொல்லிவிடுங்கள். பத்திரிகையில் கோயில் பெயருக்குக் கீழே எந்த மண்டபம் என்பதையும் ஒரு வரியில் சேர்க்கலாம்.

நாள், தேதி, கிழமை மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பது உங்கள் வேலை, அச்சகம் பார்க்காது. 2027இல் தை முதல் நாள் ஜனவரி 15, வெள்ளிக்கிழமை. அதிலிருந்து எண்ணினால் பிப்ரவரி 11 தை 28, வியாழன். திதி, நட்சத்திரம், லக்னம் போட வேண்டுமா என்றால், பெரியவர்கள் எதிர்பார்த்தால் போடுங்கள்; ஆனால் அதை நடு வாக்கியத்தில் திணிக்காமல், ஜோசியர் எழுதிக் கொடுத்த சீட்டில் உள்ளபடியே தேதிக்குக் கீழே தனி வரியாக வையுங்கள். பழைய பத்திரிகையில் பார்த்த திதியும் யோகமும் புதிய பத்திரிகையில் அப்படியே தங்கிவிடுவது அச்சகங்களில் சாதாரணமாக நடக்கிறது. தேதியை மாற்றுவார்கள், அதை மாற்ற மறந்துவிடுவார்கள்.

இனி பெயர்கள். சிறிய கல்யாணத்தில் மனக்கசப்பு பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. "தங்கள் நல்வரவை விரும்பும்" என்று போட்டுப் பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை என்று இருபது பெயரை அடுக்குவது பெரிய பத்திரிகையின் வழக்கம். அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் அழைப்பவர்கள், படிப்பவர்கள் அழைக்கப்படுபவர்கள். உங்கள் அறுபது பேரில் அந்த இருபது பேரும் அடக்கம். அவர்கள் பெயரைப் போட்டு அவர்களையே அழைப்பது பொருந்தவில்லை. ஒருவர் பெயர் விடுபட்டால் வரும் வருத்தமோ, பெயரே போடாததைவிட மிகப் பெரியது. எனவே ஒரே தலைமுறையில் நின்றுகொள்ளுங்கள்: அழைப்பவர்கள் பெற்றோர், அவ்வளவுதான். தாத்தா பாட்டியைச் சேர்ப்பதென்றால் இரு வீட்டிலும் நான்கு தரப்பையும் சேர்க்க வேண்டும். அப்பா வழியைப் போட்டு அம்மா வழியை விடுவது கூடாது. தாய்மாமனுக்கு மட்டும் விலக்கு தரலாம். அவருக்கு மணவறையில் செய்யும் முறை இருப்பதால் "தாய்மாமன்: திரு. பழனிவேல்" என்று ஒரு வரி போட்டால் மற்றவர்கள் கேள்வி கேட்க மாட்டார்கள். இரண்டு மாமன் இருந்தால் இருவரையும் போடுங்கள்.

பெற்றோரில் ஒருவர் காலமாகியிருந்தால், சில வீடுகளில் அம்மாவை விட்டுவிட்டுப் பெரியப்பாவை அழைப்பவராகப் போடுகிறார்கள். வேண்டாம். நெருங்கியவர்கள் மட்டும் கூடும் கல்யாணத்தில் அழைக்க வேண்டியவர் அந்த அம்மாதான். "அமரர் சண்முகம் அவர்களின் மகளும் என் மகளுமான கயல்விழிக்கும்" என்று தொடங்கி, கீழே "உங்கள் அன்புள்ள தேன்மொழி சண்முகம்" என்று முடிக்கலாம். இங்கே "எங்கள்" என்பது எல்லா இடத்திலும் "என்" ஆகிவிட வேண்டும். கவனிக்காவிட்டால் ஒரு வரியில் "என் மகள்", அடுத்த வரியில் "எங்கள் வீடு" என்று விடுபட்டு நிற்கும்.

இரு வீட்டாருக்கும் ஒரே பத்திரிகை என்றால் தலைப்புக்குக் கீழே "இருவீட்டார் அழைப்பு" என்று போட்டு, "எங்கள் மகள்" என்ற இடத்தை இப்படி மாற்றுங்கள்: "கும்பகோணம் சண்முகம் – தேன்மொழி மகள் கயல்விழிக்கும், தஞ்சாவூர் நடராஜன் – விஜயலட்சுமி மகன் அருண்குமாருக்கும்". கீழே இரு பெற்றோரும் பக்கம் பக்கமாக. "எங்கள் பிள்ளைகள் கயல்விழி, அருண்குமார்" என்று இரண்டையும் சேர்த்து எழுதினால் அண்ணன் தங்கை போலத் தொனிக்கும். "பிள்ளைகளை வாழ்த்த" என்று பின்னால் வருவதில் குழப்பம் இல்லை, அதற்குள் யார் யார் என்பது தெரிந்துவிடுகிறது. "கும்பகோணத்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு" என்பதை "கும்பகோணத்தில் பெண் வீட்டுக்கு" என்றும், நேரங்களில் வரும் "எங்கள் வீட்டில்" என்பதைப் "பெண் வீட்டில்" என்றும் ஆக்கிக்கொள்ளுங்கள்.

செல்வன், செல்வி போட்டே ஆக வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னால் "திருவளர்செல்வன்", "திருநிறைசெல்வி" என்று எழுதுங்கள். நடுவில் "ச்" வராது. வளர்செல்வன் என்பது வளர்ந்த, வளர்கின்ற, வளரும் என்று மூன்று காலத்தையும் அடக்கிய வினைத்தொகை, ஊறுகாய் போல. ஊறுக்காய் என்று நாம் சொல்வதில்லை அல்லவா, அதே விதிதான். அச்சகத்தின் பழைய மாதிரியில் "ச்" இருக்கும், திருத்தி அனுப்பினாலும் திரும்ப வந்துவிடும், மெய்ப்பில் பாருங்கள்.

மெய்ப்பு என்றதும் இன்னொன்று. நீங்கள் போனில் தட்டச்சு செய்து அனுப்புவது யுனிகோடு. பல அச்சகங்களில் அதைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் கோக்கிறார்கள். மாற்றும்போது ஸ்ரீ, ஜ, ஷ போன்ற எழுத்துகள் உடையும். சௌந்தரம் என்ற பெயரில் "சௌ" என்பது "செ" என்றும் "ள" என்றும் இரண்டாகப் பிரிந்து நிற்கும். விஜயலட்சுமி, ஸ்ரீதர், கௌரி போன்ற பெயர்கள் உங்கள் பத்திரிகையில் இருந்தால் ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். திரையில் காட்டுவதை நம்பாமல், தாளில் எடுத்த மெய்ப்பை வாங்கி, கல்யாணத்தில் சம்பந்தமில்லாத ஒருவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். நமக்குத் தெரிந்த பெயரை நம் கண் தானாகத் திருத்திப் படித்துவிடும்.

மணமக்களின் பெயர் ஆதாரில் உள்ளபடி முதலெழுத்தோடு ஓரிடத்திலாவது வருவது நல்லது. திருமணத்தைப் பதிவு செய்யப் போகும்போது பத்திரிகையையும் கேட்பார்கள். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி கல்யாணம் நடந்த 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரை மட்டும் போட்டு அச்சடித்தால் அங்கே அது உதவாது. "ச. கயல்விழி – ந. அருண்குமார்" என்று தலைப்புக்குக் கீழே பெரிய எழுத்தில் போட்டால் இந்தத் தேவையும் முடிந்தது, பார்க்கவும் நன்றாக இருக்கும்.

எத்தனை அடிப்பது? அறுபது பேர் என்றால் வீட்டுக்கணக்கில் இருபதிலிருந்து இருபத்தைந்து. குலதெய்வத்துக்கு ஒன்று, கோயில் அலுவலகத்துக்கு ஒன்று, பதிவுக்கு இரண்டு, இரு வீட்டிலும் வைத்துக்கொள்ள நான்கு, கையெழுத்தில் பிழை வந்தால் மாற்ற ஐந்தாறு. நாற்பது போதும். குறைந்தது நூறு அடிக்க வேண்டும் என்று அச்சகத்தில் சொன்னால், மீதியைக் கண்ணில் படும் இடத்தில் வைக்காதீர்கள். இருக்கிறதே என்று கொடுக்கக் கொடுக்கத்தான் அறுபது நூற்றிருபது ஆகிறது.

எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்பதைப் பத்திரிகையில் அச்சடிக்க வேண்டாம். நம் பக்கத்தில் "வருவதைத் தெரிவிக்கவும்" என்பதை, வருவாயா மாட்டாயா என்று கேட்பது போல எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. வெற்றிலை பாக்கோடு நேரில் கொடுக்கும்போது வண்டி ஏற்பாட்டையோ தங்கும் இடத்தையோ வைத்துக் கேட்டால் கேள்வி உபசரிப்பாகிவிடும். நேரில் போக முடியாத வெளியூர்க்காரர்களுக்குப் பத்திரிகைப் படத்தோடு இப்படி அனுப்பலாம்:

"அத்தானுக்கும் அக்காவுக்கும் வணக்கம். கயல்விழி கல்யாணப் பத்திரிகை அனுப்பியிருக்கிறோம். நேரில் வந்து அழைக்க முடியவில்லை. இதையே நேரில் அழைத்ததாக ஏற்றுக்கொண்டு இருவரும் முதல் நாளே வந்துவிடுங்கள். கும்பகோணத்தில் தங்க அறை எடுக்க வேண்டும், எந்த ரயிலில் வருகிறீர்கள் என்று பிப்ரவரி 1க்குள் சொன்னால் ஸ்டேஷனுக்கு வண்டி அனுப்பிவிடுவோம். – சண்முகம், தேன்மொழி"

"இருவரும்" என்ற சொல் இங்கே எண்ணிக்கையைச் சொல்லிவிடுகிறது. இந்தச் செய்தியை அனுப்புவதற்கு முன் ஒரு போன் செய்துவிடுங்கள். போன் இல்லாமல் படம் மட்டும் வந்தால் அக்கா வருத்தப்படுவார். குழுவில் போடவே கூடாது. முப்பது பேர் உள்ள உறவுக் குழுவில் ஒரு முறை போட்டால் முப்பது குடும்பத்தை அழைத்தாயிற்று.

மொய், பரிசு வேண்டாம் என்று நினைத்தால் "அன்பளிப்புகளைத் தவிர்க்கவும்" என்று தகவல் பலகை போல எழுதாமல், "மொய்யும் பரிசும் வேண்டாம், உங்கள் வாழ்த்து போதும்" என்று நேரங்களுக்குக் கீழே ஒரு வரி வையுங்கள். ஆனால் தாய்மாமன் சீரும் அத்தை சீரும் இதில் சேருமா என்று அவர்களுக்குச் சந்தேகம் வரும். அவர்கள் இருவருக்கும் தனியாகச் சொல்லிவிட வேண்டும்; சீரை மறுத்ததாக ஒரு நாளும் ஆகிவிடக் கூடாது.

அழைக்காதவர்களுக்கும் ஒரு வாசகம் தேவைப்படும், அதையும் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அழைத்திருக்க வேண்டியவர்கள், ஆனால் அறுபதில் அடங்காதவர்கள் என்று பத்து வீடாவது இருக்கும். அவர்களில் மிக நெருங்கியவர்களுக்குக் கல்யாணத்துக்கு முன்பே போனில் சொல்லிவிடுவது நல்லது. மற்றவர்களுக்குக் கல்யாணத்தன்று பிற்பகலே செய்தி போய்விட வேண்டும். அதற்குள் யாராவது ஸ்டேட்டஸில் படம் போட்டுவிட்டால் உங்கள் செய்தி விளக்கம் போல ஆகிவிடும்.

"அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும் வணக்கம். எங்கள் மகள் கயல்விழி – அருண்குமார் திருமணம் இன்று காலை சுவாமிமலையில் இனிதே நடந்தது. இரு வீட்டாரும் சேர்ந்து எளிமையாக நடத்தினோம். மணமக்கள் பிப்ரவரி 20 வரை கும்பகோணத்தில் இருக்கிறார்கள். உங்கள் வீட்டுக்கு அழைத்து வந்து ஆசி வாங்க விரும்புகிறோம். உங்களுக்கு வசதியான நாளைச் சொல்லுங்கள். – சண்முகம், தேன்மொழி"

இதில் மன்னிப்பு கேட்கும் வரி இல்லை, "உங்களை அழைக்க முடியவில்லை" என்பதும் இல்லை. மணமக்களையே அவர்கள் வீட்டுக்கு அழைத்துப் போவதாகச் சொல்லிவிட்டதால் அது தேவைப்படாது. ஆனால் சொன்னபடி போக வேண்டும். போக முடியாத வீட்டுக்கு அந்த இரண்டு வரியை எடுத்துவிட்டு அனுப்புங்கள்.